ராத்திரி ஃப்ரீ டேட்டாவா, ஆப் போட்ட பேக்கா: ஒரு தறிக்கார வீட்டுக்கு எது கட்டும்?

சோமனூர் பக்கத்துல தறி ஓட்டற எங்க பெரியப்பா பையன் போன மாசம் போன் பண்ணி, "தம்பி, ரெண்டு பேக்கும் விலை கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்குது, ஒண்ணுல ராத்திரி ஃப்ரீங்கறான், இன்னொண்ணுல படம் பாக்கற ஆப் ஃப்ரீங்கறான், எதப் போடறது சொல்லு"ன்னு கேட்டார். நான் முன்னாடி 4 வருஷம் கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியோட டேட்டா கம்ப்ளெயின்ட் டெஸ்க்ல உக்காந்து "என் டேட்டா எங்க போச்சு"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்லிட்டு இருந்தவன், இப்ப பல்லடத்துல ரீசார்ஜ் கடை வெச்சிருக்கேன், அதனால சொந்தக்காரங்க எல்லாரும் இந்த கேள்விய என்கிட்டத்தான் கொண்டு வருவாங்க. அண்ணனுக்கு போன்லயே சொல்லி முடிக்க முடியல, ஞாயித்துக்கெழம நேர்ல போயி ரெண்டு மணி நேரம் உக்காந்து அவங்க வீட்டு கணக்க போட்டேன். அத அப்படியே இங்க எழுதறேன், ஏன்னா இதே குழப்பம் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இருக்குது.

மொதல்ல வீட்டு நெலமை. அண்ணனுக்கு ராத்திரி ஷிப்ட், பொழுதோட 8 மணிக்கு தறிக்குப் போனா வெடிஞ்சு 8 மணிக்குத்தான் வருவார். அவர்கிட்ட ஒரு போன். வீட்டுல இன்னொரு போன், அது அண்ணிக்கும் அவங்க பொண்ணு அம்மிணிக்கும் பொது. அம்மிணி பிளஸ் டூ, ஒரு கோச்சிங் ஆப்ல நீட் கிளாஸ் வீடியோ பாக்குது, அண்ணி பகல்ல சீரியல், வாட்ஸ்அப், பால் கணக்கு. ரெண்டு சிம்முக்கும் 28 நாள் பேக் போடறாங்க.

கடையில பாத்த ரெண்டு பேக் இப்படி. ஒண்ணு, தினம் 1.5 ஜிபி, அதோட ராத்திரி 12ல இருந்து காலைல 6 வரைக்கும் அளவில்லாம, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் மிச்சமாகறத சனி ஞாயிறுல யூஸ் பண்ணிக்கலாம். வோடஃபோன் ஐடியால இந்த மாதிரி ரொம்ப நாளா இருக்குது. இன்னொண்ணு தினம் 2 ஜிபி, கூட ஒரு ஓடிடி ஆப் சப்ஸ்க்ரிப்ஷன்.

ரெண்டாவது பேக்கப் பத்தி அண்ணன் புரிஞ்சு வெச்சிருந்தது என்னன்னா, அந்த ஆப்ல எவ்வளவு படம் பாத்தாலும் 2 ஜிபில கை வெக்க மாட்டான், அது தனி, அப்படின்னு. இல்லீங்க. அந்த பேக்குல உங்களுக்கு ஃப்ரீயா கெடைக்கறது ஆப்புக்குள்ள நுழையற டிக்கெட் மட்டும்தான், உள்ள போயி படம் ஓடறதுக்கு ஆகற டேட்டா அதே 2 ஜிபிலதான் கழியும். சினிமா கொட்டாய்க்கு டிக்கெட் ஃப்ரீயா குடுத்தாலும் பஸ் காசு நம்ம பாக்கெட்டுல இருந்துதானே போகும், அது மாதிரி. பேக் பேர்ல ஆப் பேர பெருசா போட்டு, டேட்டா அளவ கீழ போட்டுருக்கறதுனால ஜனங்க தப்பா புரிஞ்சுக்கறாங்க, அவங்க மேல குத்தமில்ல.

இந்த நெனப்பு எங்கிருந்து வந்துச்சுன்னா, ஒரு காலத்துல நெஜமாவே அப்படி இருந்துச்சு. 2014, 2015ல வாட்ஸ்அப்புக்கு மட்டும் ஒரு பேக், ஃபேஸ்புக்குக்கு மட்டும் ஒரு பேக்னு சின்னச் சின்ன காசுக்கு வித்தாங்க, அந்த ஆப்ல ஓடற டேட்டா தனிக் கணக்கு. அப்புறம் சில வெப்சைட்ட மட்டும் ஃப்ரீயா காட்டற ஃபேஸ்புக்கோட ஃப்ரீ பேசிக்ஸ் வந்து நாடு பூரா பெரிய சண்டையாகி, 2016 பிப்ரவரி 8ம் தேதி போன் கம்பெனிகளுக்கு விதி போடற ஆணையமான ட்ராய் ஒரு ஒழுங்குமுறை போட்டுச்சு. நீ பாக்கற விஷயம் என்னங்கறத வெச்சு டேட்டாவுக்கு வேற வேற விலை போடக்கூடாது, அவ்வளவுதான் அதோட சாரம். மீறுனா ஒரு நாளைக்கு 50,000 ரூபா, அதிகபட்சம் 50 லட்சம் வரைக்கும் அபராதம். அவசர காலத்துக்கு மட்டும் விலக்கு, கம்பெனியோட மூடுன நெட்வொர்க்குக்கு உள்ளயே சுத்தற விஷயத்துக்கும் ஒரு விலக்கு இருக்குது. ஏற்கெனவே வித்திருந்த பேக்குக்கு 6 மாசம் டைம் குடுத்தாங்க, அதுக்கப்புறம் அந்த மாதிரி பேக் நம்ம ஊர்ல இல்ல. ராத்திரி ஃப்ரீ மட்டும் ஏன் நிக்குதுன்னா அது நேரத்த வெச்சு குடுக்கறது, நீங்க யூட்யூப் பாத்தாலும் சரி, கிளாஸ் பாத்தாலும் சரி, கோவில் நேரலை பாத்தாலும் சரி, 12ல இருந்து 6க்குள்ள ஓடற எதுவா இருந்தாலும் ஒரே கணக்கு.

நான் அந்த ஒழுங்குமுறை நல்லதுன்னு நெனைக்கறவன், அதுக்கு காரணம் நம்ம பக்கத்துலயே இருக்குது. பவானிசாகர் முகாம்ல இருக்கற ஒரு சிநேகிதன் அவனோட இலங்கை சொந்தக்காரங்க படற பாட்டச் சொல்லுவான். அங்க இன்னமும் சோஷியல் மீடியா பேக், யூட்யூப் பேக்னு தனித்தனியா இருக்குது. அந்த மாதிரி பேக்ல கம்பெனியோட மெஷின் நீங்க எந்த ஆப்ல இருக்கீங்கன்னு எட்டிப்பாக்க முடியாது, போன் எந்த சர்வர் பேரச் சொல்லி கூப்புடுதுங்கறத வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். ஃபேஸ்புக்ல ஒரு நியூஸ் லிங்க்க தொட்டா, ஸ்கிரீன்ல பாத்தா ஃபேஸ்புக்குக்குள்ளயே இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா அந்த பக்கம் வேற சர்வர்ல இருந்து வருது, அது மெயின் டேட்டால கழியும். விபிஎன் போட்டிருந்தா சர்வர் பேரே தெரியாது, எல்லாமே மெயின்ல போகும். மெயின் டேட்டா இல்லன்னா ரூபா பேலன்ஸ்ல கைய வெக்கும். ஆப் பேக்குல முக்கால்வாசி இருக்குது, பேலன்ஸ் மட்டும் காணோம்னு வர்றது இப்படித்தான். ராத்திரி டேட்டால இந்த வம்பு கெடையாது, கடிகாரம் ஒண்ணுதான் எல்லை.

ஆனா அந்த கடிகாரத்துலயே சில விஷயம் இருக்குது, அத தெரிஞ்சுக்கலைன்னா ராத்திரி பேக் போட்டும் பிரயோஜனம் இல்லாம போயிரும்.

கம்பெனி மெஷின் உங்க டேட்டாவ எப்படி கழிக்குதுன்னு சொல்றேன். தினம் 1.5 ஜிபின்னா அத மொத்தமா தூக்கி உங்க கணக்குல விட்டுட்டு பேசாம இருக்கறதில்ல. களத்துல நெல்ல வள்ளத்துல அளந்து அளந்து போடற மாதிரி, நெட் ஓட ஓட ஒவ்வொரு வள்ளமா குடுத்துட்டே வரும், ஒரு வள்ளம் தீந்ததும் அடுத்தத கேக்கும், அப்பத்தான் முந்தின வள்ளத்தோட கணக்கு எழுதப்படும். ஒரே சிம்முல பல மூட்டை இருந்தா எந்த மூட்டைல இருந்து மொதல்ல அளக்கறதுன்னு ஒரு வரிசை போட்டு வெச்சிருப்பாங்க. வழக்கமா அந்த நேரத்துக்கு மட்டும் உள்ள ஃப்ரீ மொதல்ல, அடுத்து அன்னன்னைக்கு உள்ள அளவு, அடுத்து தனியா போட்ட டேட்டா வவுச்சர், பேக்கே இல்லைன்னா கடைசியா ரூபா பேலன்ஸ். அதனாலதான் ராத்திரி 2 மணிக்கு 3 ஜிபி இறக்குனாலும் காலைல பாத்தா 1.5 ஜிபி முழுசா நிக்குது. 12 மணிக்கே புது நாளோட 1.5 ஜிபியும் வந்துருது, ஆனா 6 மணி வரைக்கும் அத தொடறதில்ல.

சரி, 11:50க்கு ஆரம்பிச்ச டவுன்லோடு 12:20க்கு முடிஞ்சா யார் கணக்கு? ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம் எதையும் பாக்கறதில்ல, ஓடுன டேட்டாவத்தான் பாக்கறாங்க. 12 மணிக்கு ரேட் மாறப் போகுதுங்கறத மெஷின் முன்கூட்டியே சொல்லி வெச்சிரும், அதுக்கு முன்னாடி ஓடுனது ஒரு கணக்கு, பின்னாடி ஓடுனது ஒரு கணக்குன்னு ரெண்டா பிரிச்சு எழுதும். அதனால 11:50ல இருந்து 12 வரைக்கும் எறங்குனது பகல் டேட்டா, மிச்சம் ஃப்ரீ. காலைல 6 மணிக்கும் இதே கதைதான், தலைகீழா. இந்த 12ம் 6ம் கம்பெனி கடிகாரத்துல உள்ளது, உங்க போன்ல 5 நிமிஷம் முன்ன பின்ன இருந்தா அதுக்கு அவங்க பொறுப்பில்ல. போன்ல நேரத்த நெட்வொர்க்ல இருந்து எடுத்துக்கற மாதிரி செட்டிங் போட்டுக்கோங்க.

இப்ப அண்ணன் வீட்டு கணக்கு. போன்லயே எந்த ஆப் எவ்வளவு தின்னுதுன்னு காட்டும், அத வெச்சு நாங்க எடுத்தது: அம்மிணிக்கு ஒரு நாளைக்கு 4 வீடியோ, ஒண்ணு 400 எம்பி, மொத்தம் 1.6 ஜிபி. அண்ணி பகல்ல எல்லாம் சேத்து 1.1 ஜிபி. ஆக வீட்டு போனுக்கு தினம் 2.7 ஜிபி வேணும். ஆப் சப்ஸ்க்ரிப்ஷன் பேக் போட்டா 2 ஜிபி, தினம் 700 எம்பி பத்தாது, அந்த ஓடிடில ஒரு படம் கூட பாக்காமயே பத்தாது. பாத்தா இன்னும் மோசம். அளவு தீந்ததும் ஸ்பீடு 64 கேபிபிஎஸ்க்கு எறங்கிரும், அது செகண்டுக்கு 8 கிலோபைட், ஒரு மணி நேரம் பூரா ஓடுனாலும் 29 எம்பிதான் எறங்கும், 400 எம்பி வீடியோ ஒண்ண எறக்க 14 மணி நேரம். சாயங்காலம் படிக்க உக்கார்ற புள்ளைக்கு அது நெட் இல்லாத மாதிரிதான்.

ராத்திரி பேக்குன்னா அந்த 1.6 ஜிபிய 12க்கும் 6க்கும் நடுவுல எறக்கிட்டா, பகலுக்கு 1.5ல அண்ணியோட 1.1 போக 400 எம்பி மிச்சம். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் 5 நாள் மிச்சம் சேந்தா 2 ஜிபி, அது சனி ஞாயிறுக்கு போகுது. கணக்கு இவ்வளவு பளிச்சுனு இருந்தும் அண்ணி ஒரு கேள்வி கேட்டாங்க, அதுதான் சரியான கேள்வி: "12 மணிக்கு யாருங்க முழிச்சிருக்கறது? பாப்பாவ முழிச்சிருக்க விடமாட்டேன்."

அந்த கிளாஸ் ஆப்ல இத்தன மணிக்கு தானா எறக்குன்னு வெக்கற வசதி இல்ல, ஒருத்தர் தொட்டு விடணும். அண்ணன் தறியில முழிச்சுத்தான் இருக்கார், ஆனா ராத்திரி ஃப்ரீ சிம்மோட போகுது, வீட்டோட வர்றதில்ல. அவர் போன்ல எறக்கலாம்னா ஆப் ஒரே போன்ல மட்டும்தான் லாகின் விடுது. அப்பத்தான் நான் கேட்டேன், "அண்ணி, நீங்க எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?" பால் கறக்க 4:45க்கு எந்திரிச்சிருவாங்களாம், சொசைட்டிக்கு 6 மணிக்குள்ள பால் போகணும். அப்புறமென்ன, ராத்திரி ஃப்ரீங்கற பேர்ல 12 மணியவே நெனச்சுட்டு இருக்கோம், வெள்ளென 5 மணியும் அதே ஜன்னலுக்குள்ளதான் இருக்குது. 5 மணிக்கு தொட்டு விட்டுட்டு மாட்டுக் கட்டுத்தறிக்கு போயிர வேண்டியது. நெட் 10 எம்பிபிஎஸ் வந்தா 1.6 ஜிபி எறங்க 21 நிமிஷம் போதும். அந்த நேரத்துல டவர்ல ஆளும் கம்மி, சாயங்காலம் 8 மணிக்கு திக்கித் திக்கி வர்ற அதே டவர் 5 மணிக்கு நல்லா வரும்.

மொத வாரத்துல ரெண்டு தப்பு நடந்துச்சு, ரெண்டும் எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதான்.

மொத நாள் அண்ணி போன் பண்ணி, ராத்திரி ஃப்ரீன்னு சொன்னீங்க, 5 மணிக்கு ஆமை மாதிரி போகுதுன்னாங்க. விசாரிச்சா முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கே 1.5 ஜிபி தீந்துருந்துச்சு, ஸ்பீடு 64க்கு எறங்கிருந்துச்சு, நெட்ட ஆஃப் பண்ணாம அப்படியே படுத்துட்டாங்க. 12 மணிக்கு கம்பெனி பக்கம் புது கணக்கு வந்துருந்தாலும், போனோட இணைப்பு விடாம ஒண்ணாவே ஓடிட்டு இருந்ததுல பழைய ஸ்பீடு கட்டுப்பாடு அது மேல ஒட்டிட்டே நின்னிருச்சு. எல்லா நேரமும் இப்படி ஆகாது, ஆனா ஆகும். ஃப்ளைட் மோட் போட்டு 10 செகண்டு விட்டு எடுத்தா இணைப்பு புதுசா போடும், அப்ப புது கணக்குல உக்காரும். அன்னைக்கு அப்படி பண்ணுனதும் சரியாயிருச்சு. டெஸ்க்ல இருந்தப்ப ராத்திரி டேட்டா வேலை செய்யலைன்னு வர்ற புகாருக்கு நாங்க சொல்ற மொத வைத்தியமே இதுதான்.

நாலாம் நாள் மாடு கன்னு போடற நேரம், அண்ணி 5:45க்குத்தான் தொட்டு விட்டாங்க. 6 மணிக்குள்ள 1.2 ஜிபி எறங்கியிருந்துச்சு, மிச்சம் 400 எம்பி 6க்கு அப்புறம் எறங்கி பகல் டேட்டால கழிஞ்சுருச்சு. அது போதாதுன்னு சார்ஜ்ல கெடந்த போன் வேற ஆப்பெல்லாம் அப்டேட் பண்ண ஆரம்பிச்சு 300 எம்பிய தின்னுருச்சு. காலைல ஏழு மணிக்கு பாத்தா 1.5ல 800 எம்பிதான் இருந்துச்சு, அண்ணி ஒண்ணும் பாக்கவே இல்ல. உடனே கம்பெனி ஏமாத்துதுன்னு அண்ணன் சொன்னார், போன்ல ஆப் வாரியா பாத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு. பிளே ஸ்டோர்ல அப்டேட்ட வைஃபைல மட்டும்னு மாத்தி விட்டேன். 5:55க்கு ஒரு அலாரம் வெச்சாச்சு, அது அடிச்சா நெட்ட ஆஃப் பண்ணிரணும், பாதில நிக்கற வீடியோவ மறுநாள் தொடந்துக்கலாம்.

பேலன்ஸ் பாக்கறதுல ஒரு விஷயம். வள்ளம் முடிஞ்சாத்தான் கணக்கு எழுதப்படும்னு சொன்னேன் இல்லீங்களா, அதனால கம்பெனி ஆப்ல காட்டற அளவு கொஞ்சம் பின்னாடிதான் இருக்கும். 6:01க்கு பாத்துட்டு ராத்திரி டேட்டாவ பகல்ல கழிச்சுட்டான்னு சண்டைக்குப் போகாதீங்க. சரியா அளக்கணும்னா காலைல 6 தாண்டுனதும் நெட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, ஒரு கால் மணி நேரம் எதையும் தொடாம விட்டுட்டு கம்பெனி ஆப்ல பகல் பேலன்ஸ பாருங்க, 1.5 ஜிபிக்கு ஒட்டி நிக்கணும். சில எம்பி கொறஞ்சா அது பின்னாடி ஓடற வாட்ஸ்அப், மெயில் எல்லாம்தான். 500 எம்பி கொறஞ்சிருக்குது, போன்ல அந்த நேரத்துல அப்படி ஓடவே இல்லைன்னா அப்பத்தான் புகார். ரெண்டு ஸ்கிரீன்ஷாட், ராத்திரி படுக்கும்போது ஒண்ணு, காலைல ஒண்ணு, நேரம் தெரியற மாதிரி எடுத்து வெச்சுட்டு 198க்கு அடிங்க, புகார் நம்பர வாங்காம போன வெக்காதீங்க. அதுல தீரலைன்னா அதே கம்பெனிலயே மேல்முறையீடு இருக்குது, அந்த நம்பர் இல்லாம அங்க போக முடியாது.

அண்ணனோட சிம்முக்கும் ராத்திரி பேக்கே போதும்னு ஆச்சு, அவர் முழிச்சிருக்கற நேரமே அதுதான். அவருக்கு சொல்ல வேண்டியிருந்தது வேற ஒண்ணு, அது ரூபா பேலன்ஸ் சம்பந்தப்பட்டது. 28 நாள் பேக்குன்னா 28 ராத்திரின்னு நெனச்சுட்டு இருந்தார். எண்ணிப் பாருங்க. ஒண்ணாந்தேதி சாயங்காலம் ரீசார்ஜ் பண்ணுனா அன்னைக்கே ஒரு நாளா கணக்கு, 28ம் தேதி ராத்திரி 11:59க்கு முடியுது. மொத ராத்திரி ஃப்ரீ 2ம் தேதி 12 மணிக்கு, கடைசி 28ம் தேதி வெடியகாலம். 27தான். 28ம் தேதி ராத்திரி ஷிப்ட்ல 12 மணிக்கு பேக்கே இல்ல. நள்ளிரவு தாண்டி ரீசார்ஜ் பண்ணுனா அந்த ராத்திரியே கணக்குல சேரும், 28 வரும். ரீசார்ஜ் மெசேஜ்ல முடியற தேதியோட நேரமும் இருந்தா பாத்துக்கோங்க, பேக்குக்கு பேக் வித்தியாசம் இருக்கும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அண்ணனுக்கு அதான் நடந்துருக்குது, அப்ப அவர் வேற கம்பெனி சிம் வெச்சிருந்தார். கடைசி நாள் ராத்திரி படம் ஓடிட்டு இருக்கும்போதே 12 மணிக்கு பேக் முடிஞ்சு, சிம்முல 40 ரூபா பேலன்ஸ் இருந்துச்சு, நெட் நிக்காம அதுல இருந்து கழிஞ்சுட்டு ஓடிருக்குது, பேலன்ஸ் சுத்தமா தீந்ததும்தான் நின்னுச்சு. பேக் இல்லாத நேரத்து ரேட் எம்பிக்கு 50 பைசான்னு வெச்சாலே 40 ரூபாக்கு 80 எம்பிதான், சாதா தரத்துல ஓடற படத்துக்கு அது 10 நிமிஷம் கூட வராது. தினசரி அளவு தீந்தா ஸ்பீடு கொறையும், காசு போகாது. பேக்கே முடிஞ்சா காசு போகும். இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைக்கறதுலதான் பாதிப் பேர் காச விடறாங்க. தப்பிக்க வழி, பேக் முடியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அடுத்தத போட்டு வெச்சிரணும், அது வரிசைல நின்னு பழசு முடிஞ்சதும் தானா ஏறும். பேக் போடப் போறதில்லைன்னா 1925க்கு STOP-னு மெசேஜ் அனுப்பி டேட்டாவயே நிறுத்திரலாம், திரும்ப வேணும்னா START. எல்லா கம்பெனிக்கும் அதே நம்பர்தான், காசு கெடையாது.

ஓடிடி பேக் யாருக்குமே ஆகாதுன்னு நான் சொல்லல. வீட்டுல வைஃபை இருந்து, படம் பூரா அதுல பாக்கறவங்களுக்கு அந்த சப்ஸ்க்ரிப்ஷன் நல்ல லாபம், ஏன்னா டேட்டா வேற இடத்துல இருந்து வருது. திருப்பூர் டவுனுக்குள்ள 5ஜி நல்லா கெடைக்கற எடத்துல இருக்கறவங்களுக்கும் ஆகும், ஜியோ ஏர்டெல் ரெண்டுலயும் 2024 ஜூலைல இருந்து தினம் 2 ஜிபியும் அதுக்கு மேலயும் உள்ள பேக்குக்குத்தான் 5ஜி அளவில்லாம குடுக்கறாங்க, 5ஜில ஓடறது தினசரி அளவுல கழியாது. ஆனா போன் 4ஜிக்கு எறங்குன நொடில இருந்து அந்த 2 ஜிபில கழிய ஆரம்பிச்சுரும், அத போன் உங்களுக்கு சத்தம் போட்டுச் சொல்லாது, மேல இருக்கற சின்ன எழுத்து மாறும், அவ்வளவுதான். அண்ணன் வீடு தோட்டத்துக்குள்ள, திண்ணைல 5ஜின்னு காட்டும், உள்ள ரூமுக்குப் போனா 4ஜி. அம்மிணி படிக்கறது உள் ரூம்ல. அதனாலதான் அதையும் விட்டுட்டோம்.

அம்மிணிகிட்ட மட்டும் ஒண்ணு கேட்டேன், அடுத்த நாளைக்கு எந்த நாலு வீடியோன்னு முந்தின நாள் படுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டுல எழுதி போன் கவர்ல சொருகி வெக்கணும்னு, ஏன்னா அண்ணிக்கு எது வேதியியல் எது உயிரியல்னு ஆப்புக்குள்ள தேடிட்டு நிக்க நேரமில்ல. இப்ப மூணு வாரமாச்சு. போன ஞாயித்துக்கெழம சாயங்காலம் போயி பாத்தேன், சீட்டு சொருகி இருந்துச்சு, வாரக் கடைசி கணக்குல 1.3 ஜிபி இன்னும் நின்னுச்சு, அண்ணன் அதுல கன்னுக்குட்டி வீடியோவ அம்மிச்சி வீட்டுக்கு அனுப்பிட்டு இருந்தார்.